முதிர்வில் வட்டியா, மாதாந்தம் வட்டியா: நிலையான வைப்பைத் திறக்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஓய்வுபெற்று ஊழியர் சேமலாப நிதியைக் கையில் வாங்கிய எங்கள் மாமாவுக்காகத் திருகோணமலை நகரில் வங்கி வங்கியாக ஏறி இறங்கியபோது, எல்லாக் கருமபீடங்களிலும் ஏறத்தாழ ஒரே பதிலே கிடைத்தது: "ஐயா, முதிர்வுக்குப் போட்டால் கூட வட்டி வரும்." எவ்வளவு கூட என்று கேட்டால் பலகையைக் காட்டினார்கள். வரி எவ்வளவு, எந்த ஆண்டில் என்று கேட்டால், "பத்து வீதம் பிடிப்போம்" என்பதோடு பேச்சு முடிந்தது. அந்த இரண்டு பதில்களும் பொய்யல்ல, ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தைக் கட்டிப்போடுவது ஆபத்தானது. நாங்கள் வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்த கணக்கை, அடுத்ததாக அந்தக் கருமபீடத்தின் முன் அமரப்போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கீழே வரும் வட்டி வீதங்கள் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வங்கியின் அன்றைய வீதத்தை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வரி வீதங்கள் 2025 ஏப்ரல் 1 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தவை.

1. பலகையில் உள்ள பெரிய எண்ணை அல்ல, AER நிரலைப் பாருங்கள்

வங்கியின் வட்டிப் பலகையில் ஒவ்வொரு காலத்திற்கும் எதிரே மாதாந்த வட்டி, முதிர்வு வட்டி என்று தனித்தனி வீதங்களும், அவற்றின் பக்கத்தில் AER என்று தலைப்பிட்ட சிறிய நிரலும் இருக்கும். வருடாந்தப் பயனுறு வீதம் என்பது அதன் பொருள். வட்டி கைக்கு வரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, எல்லா வகை வைப்புகளையும் ஒரே அளவுகோலில் காட்டுவது அந்த நிரல்தான்.

ஐந்து ஆண்டு வைப்பொன்றுக்கு மாதாந்த வட்டி 9 வீதம் என்றும், முதிர்வில் வட்டி 11 வீதம் என்றும் பலகையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் இரண்டு வீதம் கூடுதலாகக் கிடைப்பதுபோல் தோன்றும். ஆனால் நீண்ட கால வைப்புகளில் அந்த 11 வீதம் பல வேளைகளில் தனி வட்டியாகவே இருக்கும். முதலுக்கு மட்டும் ஆண்டுக்கு 11 வீதமாக ஐந்து ஆண்டுகளுக்கு 55 வீதம் தருவார்கள், இடையில் சேர்ந்த வட்டிக்கு வட்டி இல்லை. 100 ரூபாய் ஐந்து ஆண்டுகளில் 155 ரூபாயாவதை ஆண்டுக்கு ஆண்டு வளரும் கூட்டு வட்டியாக மாற்றினால் 9.16 வீதம்தான் வரும். மாறாக, மாதந்தோறும் கைக்கு வரும் 9 வீதத்தின் பயனுறு வீதம் 9.38. பெரிய எண்ணுக்குப் பின்னால் சிறிய வருமானமும், சிறிய எண்ணுக்குப் பின்னால் பெரிய வருமானமும் இருக்கலாம் என்பதை அந்த ஒரு நிரலே காட்டிக்கொடுத்துவிடும்.

AER எழுதப்படாத துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். "முதிர்வு நாளில் முதலும் வட்டியுமாக மொத்தம் எத்தனை ரூபாய்?" என்று கேட்டு, அந்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வட்டி எந்த நாளில் வரவு வைக்கப்படும் என்று கேளுங்கள்

வரிக் கணக்கு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. இலங்கையில் தனிநபர் ஒருவர் முதலீட்டு வருமானத்தைக் கைக்குக் கிடைத்த அடிப்படையில் கணக்கிடுகிறார். வங்கியும் வட்டியைச் செலுத்தும்போது அல்லது வரவு வைக்கும்போதே நிறுத்திவைத்தல் வரியைப் பிடிக்கிறது. ஆகவே, "சேர்ந்து கொண்டிருக்கும் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி உண்டா?" என்ற கேள்விக்கு, வைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும்.

ஐந்து ஆண்டு முடிவில் மட்டும் வட்டி தரும் வைப்பில், இடைப்பட்ட ஆண்டுகளில் உங்கள் கணக்கில் எதுவும் வரவில்லை. அதனால் அந்த ஆண்டுகளில் வரியும் இல்லை, முழு வட்டியும் முதிர்வு நாள் விழும் மதிப்பாண்டில் ஒரே வருமானமாகச் சேரும். ஆண்டுதோறும் வட்டியைக் கணக்கிட்டு வைப்போடு சேர்க்கும் வைப்பிலும், ஓராண்டு வைப்பை வட்டியோடு சேர்த்துத் தானாகப் புதுப்பிக்கச் சொல்லும் ஏற்பாட்டிலும் நிலைமை வேறு. அங்கே வட்டி உங்கள் கைக்கு வராவிட்டாலும் ஆண்டுதோறும் வரவு வைக்கப்படுகிறது, வரியும் ஆண்டுதோறும் பிடிக்கப்படுகிறது. கையில் காசில்லாமல் வரி கட்டும் நிலை இந்த இரண்டாவது வகையில்தான் வரும், ஆனால் அதைக் குறையென்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதன் நன்மை நான்காவது படியில் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் தேடினால் கிடைக்கும் காணொளிகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. இந்தியாவில் திரளும் வைப்பு பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டியில் வளர்கிறது. முதிர்வு வரை பணம் வராவிட்டாலும் அந்தந்த நிதியாண்டில் சேர்ந்த வட்டிக்கு வங்கிகள் ஆண்டுதோறும் வரி பிடிக்கின்றன, வைப்பாளரும் ஆண்டுதோறும் அதைக் காட்டி வருகிறார். வரி பிடிக்க வேண்டாம் என்று அங்கு வங்கிக்குக் கொடுக்கும் படிவங்களும் நமக்குரியவை அல்ல. அந்தக் கணக்கை அப்படியே இங்கு கொண்டுவந்தால் முதிர்வுத் தொகையும் பிழைக்கும், வரி விழும் ஆண்டும் பிழைக்கும்.

3. வேறு வருமானம் இல்லாதவரின் கணக்கு

மாமாவின் நிலையை ஒத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் 60 இலட்சம் ரூபாய், வேறு வரிவருமானம் இல்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான ஒரு மதிப்பாண்டில் 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் உண்டு. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்தடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம், மிகுதிக்கு 36 வீதம் வரி.

மாதாந்த வட்டியை எடுத்தால் மாதம் 45,000 ரூபாய், ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். இது நிவாரணத்துக்குள் அடங்கிவிடுவதால் வரி இல்லை. ஐந்து ஆண்டுகளில் மொத்த வட்டி 27,00,000.

முதிர்வில் எடுத்தால் 33,00,000 ரூபாய் வட்டி ஒரே ஆண்டில் வரும். நிவாரணத்தைக் கழித்தால் 15,00,000 வரிக்கு உட்படும். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000, ஆக 1,50,000 ரூபாய் வரி. கையில் நிற்பது 31,50,000.

இந்த இடத்தில் 27 இலட்சத்தையும் 31½ இலட்சத்தையும் ஒப்பிட்டு நிறுத்திவிடக் கூடாது, ஏனென்றால் மாதாந்த வட்டியை ஐந்து ஆண்டுகளும் தலையணைக்குக் கீழே யாரும் வைத்திருப்பதில்லை. அந்த 45,000 ரூபாயையும் 3 வீதச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்தால் ஐந்து ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 29,09,000 ஆகும். அப்போது முதிர்வு வைப்பு ஏறக்குறைய 2,41,000 ரூபாயால் வெல்கிறது. அதே பணத்தை ஆண்டு முடிவில் திரட்டி, 5,40,000 ரூபாயாக ஒவ்வோராண்டும் 8 வீத ஓராண்டு வைப்பில் போட்டுப் புதுப்பித்துக்கொண்டு போனால் ஏறத்தாழ 31,68,000 வரும். அப்போது மாதாந்த வட்டி வைப்பு ஒரு மயிரிழையில் முந்துகிறது. வட்டியை மாதச் செலவுக்கு எடுப்பவருக்கோ இந்த ஒப்பீடே பொருந்தாது, அவருக்கு மாதாந்த வட்டியைத் தவிர வேறு தெரிவில்லை.

என் கருத்தில், வேறு வருமானமில்லாத, ஆண்டுதோறும் வங்கிக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிப் போடும் பொறுமையும் இல்லாத ஒருவருக்கு முதிர்வு வைப்பு நல்லது. மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் நகருக்கு வரவேண்டியவர் அந்தப் பயணச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

4. சம்பளம் பெறுபவரின் கணக்கு முற்றிலும் வேறு

மாதம் 1,50,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவர் அதே 60 இலட்சத்தைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 18 இலட்ச நிவாரணத்தைச் சம்பளமே தின்றுவிடுகிறது. வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு.

மாதாந்த வட்டி எடுத்தால் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய்க்கு 6 வீதம், அதாவது 32,400 ரூபாய் வரி. ஐந்து ஆண்டுகளுக்கு 1,62,000. ஒவ்வோராண்டும் முதல் 10 இலட்சத்துக்கான 6 வீதப் படியை அவர் புதிதாகப் பயன்படுத்திக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

முதிர்வில் எடுத்தால் 33 இலட்சமும் ஒரே ஆண்டில் சம்பளத்துக்கு மேல் ஏறி அமரும். 60,000, 90,000, 1,20,000, 1,50,000 என்று எல்லாப் படிகளையும் கடந்து, மிகுதி 8 இலட்சத்துக்கு 36 வீதமாக 2,88,000 ரூபாய். மொத்த வரி 7,08,000. கையில் நிற்பது 25,92,000 மட்டுமே. மாதாந்த வட்டியை 3 வீதச் சேமிப்புக் கணக்கில் சும்மா விட்டுவைத்து, சேமிப்பு வட்டிக்கும் வரி கட்டினால்கூட ஏறத்தாழ 27,34,000 மிஞ்சும். பலகையில் 11 வீதம் என்றிருந்த வைப்பு, 9 வீத வைப்பிடம் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையால் தோற்றுப்போகிறது.

ஆண்டுதோறும் வட்டி வரவு வைக்கப்படும் வைப்புக்கு உள்ள நன்மையும் இதுதான். வரியை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் கட்டுவது எரிச்சலாக இருக்கலாம், ஆனால் அந்தச் சிறு தொகைகள் குறைந்த படியிலேயே முடிந்துவிடுகின்றன. இடையில் வரி கட்டத் தேவையில்லை என்பதற்காகவே முதிர்வு வைப்பைத் தேர்ந்தெடுக்கும் சம்பளக்காரர், 6 வீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு 36 வீதத்தைக் கட்ட நேரிடும். ஐந்து ஆண்டுகளுக்குள் வரி வீதங்களே மாறக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம், அந்த மாற்றம் எந்தப் பக்கம் போனாலும் முழுத் தொகையும் ஒரே ஆண்டில் அதற்குள் அகப்படும்.

5. முதிர்வு நாளை மார்ச் 31க்கு இரு பக்கமும் பிரித்துப் போடுங்கள்

முதிர்வு வைப்புத்தான் வேண்டும் என்றால் ஒரே சான்றிதழில் முழுத் தொகையையும் போட வேண்டியதில்லை. மூன்றாம் படியில் பார்த்த ஓய்வுபெற்றவரின் 60 இலட்சத்தை 30 இலட்சம் வீதம் இரண்டாகப் பிரிப்போம். ஒன்றை மார்ச் 25 அன்றும் மற்றதை ஏப்ரல் 2 அன்றும் 60 மாதங்களுக்குத் திறந்தால், முதலாவது ஒரு மதிப்பாண்டின் கடைசி வாரத்திலும் இரண்டாவது அடுத்த மதிப்பாண்டின் முதல் வாரத்திலும் முதிரும். ஒவ்வோராண்டிலும் 16,50,000 ரூபாய் வட்டி, இரண்டும் 18 இலட்ச நிவாரணத்துக்குள். ஒரு வார இடைவெளியில் 1,50,000 ரூபாய் வரி இல்லாமல் போகிறது.

ஆனால் மிச்சமிருப்பது ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் இடைவெளிதான். சேமிப்புக் கணக்கு வட்டி, வீட்டு வாடகை, முதலில் முதிர்ந்த பணத்தைத் திரும்பப் போட்டு வரும் வட்டி எல்லாம் அதே இடைவெளிக்குள் அடங்க வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் சொந்தப் பணம் இருந்தால், ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் தனி வைப்பு வைத்திருப்பதும் இதே பயனைத் தரும். இரண்டாகப் பிரிக்கும்போது இரண்டு வங்கிகளில் போடுவதைப் பற்றியும் யோசியுங்கள், இலங்கையின் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான்.

6. பத்து வீதப் பிடிப்பும் சுயபிரகடனமும்

வங்கி பிடிக்கும் 10 வீதம் உங்கள் இறுதி வரியல்ல, அது முற்பணம். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம், குறைவாக இருந்தால் மிகுதியைக் கட்ட வேண்டும். "வங்கியே வரி பிடித்துவிட்டது, இனி நமக்கு வேலையில்லை" என்று இருந்துவிடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறான எண்ணம்.

ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கிக்குச் சுயபிரகடனப் படிவம் கொடுத்து, பிடிப்பையே நிறுத்தலாம். கொடுக்காவிட்டால் மாமாவைப் போன்றவரின் மாத வட்டியிலிருந்து 4,500 ரூபாய், ஆண்டுக்கு 54,000 ரூபாய், தேவையில்லாமல் போகும். படிவத்தை ஒவ்வொரு மதிப்பாண்டுக்கும், வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஏப்ரல் மாத வட்டி வருமுன் கொடுத்துவிடுவது நல்லது, பிடிக்கப்பட்ட பணத்தை மீட்பதற்கு வருமான அறிக்கைதான் வழி. வருமானத்தைக் கணக்கிடும்போது எல்லா வங்கிகளின் வட்டியையும் கூட்டிப் பார்த்தே கையொப்பமிடுங்கள், உண்மையற்ற பிரகடனம் குற்றம்.

முழு வட்டியும் ஒரே ஆண்டில் 33 இலட்சமாக வரும்போது இந்தப் படிவத்தைக் கொடுக்க முடியாது. அப்போது வங்கி 3,30,000 ரூபாய் பிடிக்கும். ஓய்வுபெற்றவரின் உண்மையான வரி 1,50,000 என்பதால் 1,80,000 ரூபாயை மீளக் கோரலாம். சம்பளக்காரருக்கோ வரி 7,08,000, எனவே இன்னும் 3,78,000 ரூபாயை அவரே கட்ட வேண்டும். அவருக்குரிய காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாள்களில் விழும், இறுதி மிகுதி செப்டெம்பர் 30க்குள். வருமான அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. முதிர்ந்த பணத்தை உடனே வீடு கட்டவோ வாகனம் வாங்கவோ கொடுத்துவிட்டு, பிறகு இந்தத் தொகைக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

7. கொண்டுபோக வேண்டியவையும் கேட்டு வாங்க வேண்டியவையும்

தேசிய அடையாள அட்டையும், முகவரிக்குச் சான்றாக அண்மைய மின்சார அல்லது நீர்க் கட்டணப் பட்டியலும், வரி செலுத்துனர் அடையாள இலக்கமும் கையில் இருக்கட்டும். டின் என்று எல்லோரும் சொல்லும் அந்த இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ird.gov.lk தளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். வைப்பைத் திறக்கும் நாளுக்கு முன்பே அதை முடித்துக்கொண்டால், சுயபிரகடனத்துக்காக இன்னொரு நாள் வரிசையில் நிற்க வேண்டியிராது. படிவத்தைத் தமிழில் தரும்படி கேளுங்கள். பின்னுரித்தாளி பெயரையும் அன்றே பதிந்துவிடுங்கள்.

வைப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கருமபீடத்தை விட்டு எழும்பாமல் நான்கு வரிகளை வாசியுங்கள்: வட்டி வீதம், வட்டி செலுத்தும் முறை, முதிர்வு நாள், முதிர்வில் செய்ய வேண்டியது பற்றிய அறிவுறுத்தல். மாதாந்தம் என்று சொல்லித் திறந்த வைப்பில் முதிர்வு என்று அச்சாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றே திருத்துவது ஐந்து நிமிட வேலை.

இடையில் முறித்தால் என்னவாகும் என்பதையும் ரூபாய்க் கணக்கில் கேளுங்கள். முன்கூட்டியே எடுப்பவருக்கு வங்கி குறைந்த வீதத்தில்தான் வட்டி தரும். மாதாந்த வட்டி வாங்கியவருக்கு ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்ததை முதலிலிருந்து கழிக்கும். மாமாவின் 60 இலட்சத்தை இரண்டாம் ஆண்டு முடிவில் முறித்து, வங்கி 6 வீதமே தருவதாக வைத்தால், உரிய வட்டி 7,20,000. அவர் வாங்கியிருப்பது 10,80,000. ஆகவே 3,60,000 ரூபாய் கழிக்கப்பட்டு 56,40,000 ரூபாய்தான் திரும்பும். முதல் குறைந்துவிட்டதே என்று அந்தநேரம் பதறுவதைவிட, தேவைப்படலாம் என்று தோன்றும் தொகையை ஓராண்டு வைப்பில் தனியாக வைப்பது நல்லது. குறுகிய காலத் தேவைக்கு வைப்பின் பேரில் கடன் கிடைக்குமா, அதன் வட்டி என்ன என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள்.

ஒவ்வொரு மதிப்பாண்டும் முடிந்த பின் வங்கியிடமிருந்து வட்டிக்கும் பிடித்த வரிக்குமான சான்றிதழை வாங்கிக் கோவையில் சேருங்கள், அது இல்லாமல் மீளக் கோருவது கடினம். முதிர்வு நாளுக்கு ஒரு வாரம் முன்பு வங்கிக்கு எழுத்தில் அறிவுறுத்தல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வைப்பு அன்றைய வீதத்தில், அதே காலத்துக்கு, பல வேளைகளில் வட்டியையும் சேர்த்துத் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். வரி கட்டுவதற்கென்று நீங்கள் எண்ணியிருந்த பணமும் அதோடு இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு உள்ளே போய்விடும்.